வசனத்தைத் தமிழில் எழுதிய தாள்

மட்டக்களப்பு வாவிக்கரைச் சபைகளில், வேதாகமத்தின் ஒரு வசனத்தையாவது எபிரேயத்திலேயே வாய்விட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முதலில் செய்வது, வசனத்தின் ஓசையைக் கேட்டு அதைத் தமிழெழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தத் தாள் எவ்வளவு தூரம் கூட வரும், எந்த இடத்தில் நம்மை வழி தவறவைக்கும் என்று பார்ப்பதற்கு ஆதியாகமத்தின் முதல் வசனமே போதும். அதிலும் முதல் இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடுவது. அதன் 22 எழுத்துகளும் மெய்கள். நம்முடைய ‘க’வுக்குள் அகரம் தானாகவே குடியிருக்கிறது, அதை நீக்கத்தான் புள்ளி வைக்கிறோம். எபிரேய எழுத்து வெறும் மெய். புள்ளிதான் அதற்கு உயிர் தருகிறது. தமிழ் வாசகர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். எழுத்துக்குக் கீழே ஒற்றைப் புள்ளியைக் கண்டதும் அதை மெய்யாக்கிவிடுகிறார். உண்மையில் அது ‘ஹிரிக்’, இகரக் குறி.

முதற்சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். முதலெழுத்து பேத். அதன் வயிற்றுக்குள் ஒரு புள்ளி இருக்கிறது. அது உயிர்க்குறி அல்ல, ஒலியை வன்மையாக்கும் ‘தாகேஷ்’. அது இருந்தால் ‘அன்பு’ என்பதில் வரும் ப, இல்லாவிட்டால் வகரம். அதே பேத்தின் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகள், அதாவது ‘ஷ்வா’. சொல்லின் தொடக்கத்தில் இருப்பதால் இது பாதி விழுங்கிய எகரமாக ஒலிக்கும். அடுத்து ரேஷ், அதன் கீழே பக்கம் பக்கமாக இரண்டு புள்ளிகள், ‘ட்சேரே’, ஏகாரம். பிறகு அலெப்; இங்கே அது ஒலிப்பதேயில்லை. பிறகு மூன்று கொம்புள்ள ஷின். மேலே வலது கொம்பில் புள்ளி இருப்பதால் ஷகரம். இடது கொம்பில் இருந்திருந்தால் ஸகரம். அதன் கீழே ஹிரிக், பின்னால் யோத். இரண்டும் சேர்ந்து ஈகாரம். கடைசியில் தாவ். ஆக, பெரேஷீத். ‘ஆதியிலே’ என்று பொருள்.

இரண்டாம் சொல்லுக்கு மூன்றே எழுத்து: தாகேஷ் உள்ள பேத், ரேஷ், ஒலிக்காத அலெப். முதலிரண்டின் கீழும் சிறிய சிலுவைக்கம்பம் போன்ற ‘கமட்ஸ்’ குறி. தாளில் இதை ‘பாரா’ என்று எழுதுவோம். ‘படைத்தார்’ என்பது பொருள்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. ‘பாரா’ என்று தமிழில் எழுதியதைப் ‘பால்’ என்ற சொல்லின் பகரத்தோடும் வாசிக்கலாம். அப்படி வாசித்தால் அது வேறொரு எபிரேயச் சொல்லாகிவிடும். பே என்ற எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லுக்குப் பசு என்று பொருள். மூலத்தில் பேத்தும் பேயும் வடிவத்திலேயே வேறானவை. கண் ஒருபோதும் குழம்பாது. தாளில் இரண்டும் ஒரே எழுத்து.

இன்னொரு சொல்லையும் பார்க்கலாம். அதே அதிகாரத்தில் ஏழுமுறை வருவது, ‘நல்லது’ எனப் பொருள்படும் சொல். தெத் என்ற எழுத்தில் தொடங்கி வகர ஒலியில் முடியும். ‘தோவ்’ என்று எழுதினால், ‘தலை’யின் தகரமா ‘தந்தி’யில் இரண்டாவதாக வரும் தகரமா என்று தாள் சொல்லாது, இரண்டாவது ஒலியோடு வாசித்தால் அது கரடி. ஆங்கிலச் சொற்களில் தெத்தைப் போன்று வரும் ஒலியை நம் நாட்டில் ரகர றகரத்தால் எழுதும் பழக்கமும் இருக்கிறது. ரிவி, ரோச் லைற் என்கிறோமே, அதுபோல. அந்த வழக்கப்படி ‘ரோவ்’ என்று எழுதினால், அறியாதவர் ரகரமாகவே வாசிப்பார். அதுவும் எபிரேயச் சொல்தான்; திரள், பெரும்பான்மை என்று பொருள். நல்லது என்ற ஒரு சொல் மூன்று பொருளுக்கு இடங்கொடுத்துவிடுகிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் தாளை நான் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். உயிரொலியில் அது எபிரேயப் புள்ளிகளைவிடத் தெளிவானது. கமட்ஸ் பெரும்பாலும் ஆகாரம். ஆனால் அழுத்தம் விழாத, மெய்யில் முடியும் அசையில் அது ஒகரம். ஒரே எழுத்துகளும் ஒரே குறிகளும் கொண்ட ஒரு சொல், ஒகரத்தோடு வாசித்தால் ‘ஞானம்’, ஆகாரத்தோடு வாசித்தால் ‘அவள் ஞானமுள்ளவளானாள்’. ஷ்வாவும் அப்படியே, ஓரிடத்தில் எகரமாக ஒலிக்கும், ஓரிடத்தில் உயிரே இல்லை என்று காட்டும். விதி தெரியாத புதியவருக்கு இவை இரண்டும் சுவர்கள். ‘ஒ’ என்றோ ‘ஆ’ என்றோ தமிழில் ஒரு எழுத்து மேலே இருந்தால் சுவர் கதவாகிவிடும்.

இந்தப் புள்ளிகள் புதியவருக்காகப் பிறந்தவையும் அல்ல. கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரில், 10ஆம் நூற்றாண்டு வரை பல தலைமுறைகளாக உழைத்த மசோரெத்தியர் என்ற அறிஞர்கள், தமக்கு ஏற்கெனவே வாய்ப்பாடமாகத் தெரிந்த ஓசை சிதையாமல் இருக்கவே இவற்றை எழுத்தின் மேலும் கீழும் உள்ளும் இட்டார்கள். ஒரு மெய்யெழுத்தைக்கூட அவர்கள் அசைக்கவில்லை. ஜெபாலயத்தில் வாசிக்கும் தோராச் சுருளில் இன்றைக்கும் புள்ளி கிடையாது. நம் ஊர் மனிதருக்கு இது புதுமையாக இருக்கவேண்டியதில்லை. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடுகிற மண் இது. பழைய ஓலை ஏடுகளில் மெய்யின் மேல் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இராது. ‘கொடு’வா ‘கோடு’வா என்பதைப் பாடுபவரே அறிந்து பாடவேண்டும்.

தாள் முழுவதுமாகத் தோற்பது அழுத்தத்தில். எபிரேயத்தில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதே சில நேரம் பொருளை மாற்றும். ஆதியாகமம் 29இல் ராகேல் ஆட்டுமந்தையோடு வருகிற இடத்தில், 6ஆம் வசனத்தில் கடைசி அசை அழுத்தம் பெறுகிறது: வருகிறாள். 9ஆம் வசனத்தில் அதே எழுத்துகள், ஆனால் முதல் அசை அழுத்தம்: வந்தாள். இந்த வேறுபாட்டை 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற உரையாசிரியர் எடுத்துக்காட்டினார். அச்சிட்ட வேதாகமத்தில் இசைக்குறிகள் இதைக் காட்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பாஆ’. நம் வாயோ நெடிலைக் கண்ட இடத்திலெல்லாம் நீட்டும். ‘பாரா’வில் அழுத்தம் கடைசி அசைக்கு உரியது, நாம் முதலசையிலேயே நின்றுவிடுகிறோம். சொல்லின் இறுதி மெய்யோடு உகரம் ஒட்டிக்கொள்வதும் நம் பழக்கம். யாக்கோபு என்ற பெயரில் அதைப் பார்க்கலாம். ‘பெரேஷீத்து’ என்று உங்கள் காதிலேயே விழுந்தால், நீங்கள் எழுத்தை விட்டுத் தாளை வாசிக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

வாவிக்கரையில் காத்தான்குடிப் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் அறபு எழுத்தையும், அதன் மேலும் கீழும் நிற்கும் பத்ஹா, கஸ்ராவையும் எழுத்தோடு எழுத்தாகவே கற்கிறார்கள். சிறு வயதிலேயே வலமிருந்து இடம் வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். பக்கத்து ஊர்க் குழந்தைகளால் முடிவது சபையிலுள்ள பெரியவர்களாலும் முடியும்.

ஆகவே என் முடிவு இது. மெய்யைத் தமிழில் எழுதவேண்டாம். எபிரேய எழுத்தையே பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். அதன் மேல் பென்சிலால் ஆ, ஏ, ஈ என்று உயிரை மட்டும் குறியுங்கள். அழுத்தம் விழும் அசைக்குக் கீழே ஒரு கோடு இடுங்கள். வாசிக்க வாசிக்கப் பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்துவிடுங்கள். அந்த முதல் வசனத்தில் ஏழு சொற்கள், 28 எழுத்துகள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால், கற்கவேண்டிய எழுத்து பதினொன்று, உயிர்க்குறி எட்டு.