எந்தக் குரலில் படிப்பது?

2025 ஜூலையில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக் கோட்டை மட்டும்தான். பிள்ளைகளை அங்குள்ள ராஜகிரி மலைக்குக் கூட்டிப்போக ஆசைப்படும் ஆசிரியர் ஒருவர், அனுமதி தர வேண்டிய மேலதிகாரிக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“ஐயா, கோட்டைச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு 3-ஆம் தேதி அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. ஏற்கெனவே தெரிவித்தபடி மாணவர்கள் 40 பேர். இம்முறையாவது அனுமதி கிடைக்கும் என்று நம்புகிறேன். தங்கள் விரைவான பதிலுக்கு நன்றி.”

இது நான் எழுதிய மாதிரிதான். ஆனால் இதில் உள்ள நான்கு வரிகளையும் வெவ்வேறு கடிதங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். எழுதியவருக்குக் கோபம் கிடையாது. பேருந்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், நாள் நெருங்குகிறது என்ற பதற்றம் மட்டுமே. இருந்தும் வாசிக்கிறவர் முகம் சுளிக்க இதில் சில இடங்கள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் உரக்கப் படித்துப் பார்த்தால் அந்த இடங்கள் தெரிந்துவிடும் என்பது அலுவலகங்களில் மூத்தவர்கள் சொல்லித் தரும் வழி. எவ்வளவு தெரியும் என்று பார்க்கலாம்.

முதல் வரி கட்டாயம் தெரியும். “பதில் இல்லை” என்று படித்து நிறுத்தியதுமே அந்த நிறுத்தம் காதில் உறைக்கும். நேரில் நின்று பேசினால் எவரும் அப்படி முடிக்க மாட்டார்கள். “பதில் வரலீங்க, அதான் கேக்கலாம்னு” என்று இழுத்திருப்பார்கள். கண்ணால் மட்டும் படிக்கும்போது இந்த வெட்டு தட்டுப்படுவதில்லை, ஏனென்றால் கண் சேதியைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறது. வாய்க்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சொல்லாக உச்சரித்தாக வேண்டும், வரி முடிந்த இடத்தில் மூச்சை விட்டாக வேண்டும். விளிப்பு விடுபட்டது, அடுத்தடுத்து மூன்று கட்டளைகள் வந்தது, ஒரே குறையை இரண்டு முறை சொன்னது என வடிவத்தில் கிடக்கும் முரட்டுத்தனம் எல்லாம் இதில் பிடிபடும். இந்த முறையின் பலம் இதுதான். சின்னப் பலமும் அல்ல.

மூன்றாவது வரியில் கதை மாறுகிறது. “இம்முறையாவது” என்பதை ஆசிரியர் படிக்கும்போது குரல் தானாகவே தாழ்ந்து, கடைசி எழுத்து கொஞ்சம் நீளும். அவர் காதில் அது கெஞ்சலாகவே விழும். மேலதிகாரி படிக்கும்போது அந்தத் தாழ்ந்த குரல் அங்கே இருக்காது. “போன முறைதான் நீ ஒன்றும் செய்யவில்லை” என்ற குத்தல்தான் மிஞ்சும். “விரைவான பதிலுக்கு நன்றி” என்பதும் அப்படியே. பல நாளாகப் பதில் போடாதவருக்கு அது நன்றியாகத் தோன்றாது. ஆசிரியர் பத்து முறை உரக்கப் படித்தாலும் இந்த இரண்டு இடமும் அவருக்கு அகப்படாது. கடிதத்தில் இல்லாத பணிவை ஒவ்வொரு முறையும் அவருடைய குரலே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் கிண்டலாகவும் உண்மையாகவும் வாக்கியங்களைத் தயாரித்து மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். சிலர் குரலில் சொன்னார்கள், சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எந்த வழியானாலும் கேட்பவர் நூற்றுக்குச் சுமார் 78 வாக்கியங்களைச் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் 73 சரியாக இருந்தது. மின்னஞ்சலில் 56 மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு யூகித்தாலே 50 கிடைக்கும் என்பதை நினைத்தால், எழுத்தில் கிண்டலும் உண்மையும் ஏறக்குறைய பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதிதான் நமக்கு முக்கியம். அனுப்புவதற்கு முன் சிலரை அவர்கள் எண்ணிய தொனியிலேயே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். வேறு சிலரை அதற்கு நேர்மாறான தொனியில் படிக்கச் சொன்னார்கள். ‘எல்லோருக்கும் புரிந்துவிடும்’ என்ற அளவு மீறிய நம்பிக்கை, நேர்மாறான தொனியில் படித்தவர்களிடம் குறைந்தது. அதனால் “உரக்கப் படி” என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரை. நல்ல மனதோடு எழுதிய கடிதத்தை, அதை எழுதியவர் கடுகடுப்போடு படித்துப் பார்க்க வேண்டும். மாலை ஐந்தரை மணிக்கு, இதைவிடப் பெரிய தலைவலிகளோடு கைபேசியில் திறக்கிற ஒருவர் படிக்கிற மாதிரி. அப்படிப் படித்தால் “இம்முறையாவது” உடனே முள்ளாகக் குத்தும். “40 பேர்” அந்தக் குரலிலும் வெறும் எண்ணாகவே நிற்கும். எந்தக் குரலில் படித்தாலும் பொருள் மாறாத வரிகளை விட்டுவிட்டு, மாறுகிற வரிகளை மட்டும் திருத்தினால் போதும்.

கடுகடுப்பாக நடிக்க வராது என்பவர்களுக்கு இன்னொரு வழி, கிசுகிசுப்பது. கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. அதனால் ஏற்ற இறக்கத்துக்கு இடம் மிகவும் குறைகிறது. பணிவையும் கெஞ்சலையும் குரலால் சேர்க்க முடியாமல் போவதால், காகிதத்தில் உள்ளதுக்கு அது கொஞ்சம் நெருங்கி வருகிறது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் இதுதான் நடைமுறைக்கும் ஒத்துவரும்.

இவற்றையெல்லாம்விட நம்பகமானது வேறொருவர் படிக்க நாம் கேட்பது. தாலுகா அலுவலக வாசல்களில் மனு எழுதித் தருகிறவர்கள், கைநாட்டோ கையெழுத்தோ வாங்கும் முன் மனுவை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். கிரயப் பத்திரங்களில்கூட, படித்துப் பார்த்தும் படிக்கக் கேட்டும் கையெழுத்திட்டதாக எழுதும் வழக்கம் உண்டு. அங்கே குரல் மனுதாரருடையது இல்லை. அவர் எண்ணியது தாளில் இல்லாதபோது அதை அந்தக் குரலால் சேர்க்க முடியாது. பக்கத்து மேசைக்காரரிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது செய்யக்கூடாத ஒன்று, “கொஞ்சம் அவசரம், அதான் எழுதினேன்” என்று முன்கதை சொல்வது. சொல்லிவிட்டால் அவரும் நம் குரலிலேயே படிப்பார்.

இந்த முறைக்கு எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. கடுமையைக் கண்டு பயந்தவர் அடுத்த வரைவில் “மேலான”, “கனிவுடன்”, “பணிவுடன்” என்று அடுக்கத் தொடங்குகிறார். காதுக்கு அது இதமாகத்தான் இருக்கும். கேட்க வந்த விஷயம் ஐந்தாவது வரிக்குப் போய்விடும். முதல் இரண்டு வரிகளோடு நிறுத்திவிடும் மேலதிகாரிக்கு என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாது. காது தொனியைச் சோதிக்கும், கடிதம் வேலையை முடிக்குமா என்பதைச் சோதிக்காது. அதற்குக் கண்தான் வேண்டும். மேலே சொன்ன கடிதத்தை நான் இப்படித் திருத்துவேன்:

“ஐயா, செஞ்சிக் கோட்டைச் சுற்றுலாவுக்கு 3-ஆம் தேதி மின்னஞ்சலில் அனுமதி கேட்டிருந்தேன். மாணவர்கள் 40 பேர், ஆசிரியர்கள் 3 பேர். பேருந்துக்கு 18-ஆம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

பதில் வராத குறை போய், பதில் ஏன் வேண்டும் என்ற காரணம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இதைக் கடுகடுப்பாகப் படித்தாலும் குத்துவதற்கு ஒன்றும் கிடைக்காது. மரியாதைச் சொல் எதுவும் கூடுதலாகச் சேரவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

உண்மையிலேயே கோபத்தோடு எழுதிய கடிதத்துக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே கடுமை தவறி நுழைந்தது அல்ல. உரக்கப் படித்துச் சொற்களை மழுப்பினால், வாசிப்பவருக்குக் கோபமும் தெரியும், அதை மறைத்ததும் தெரியும். பலமுறை அனுமதி மறுக்கப்பட்டு நொந்துபோன ஆசிரியர் வரைவை மூடிவிட்டு மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, பேசி முடிவானதை மட்டும் அன்று மாலையே இரண்டு வரியில் அனுப்பிவைக்கலாம்.