மூன்று நெறி, ஒரே பந்தி

கேட்டரிங் மாணவர்களுக்கு நான் வைக்கும் மெனு பிளானிங் கேள்வி இது: சைவர், வீகன், ஹலால் விருந்தினர் ஒரே பந்தியில் அமர்கிறார்கள், உணவுப் பட்டியல் தருக. பலரும் சைவருக்குப் பனீர், வீகனுக்குச் சாலட், ஹலாலுக்குக் கோழி என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு நான் பாதி மதிப்பெண்ணே தருவேன்.

ஒவ்வொரு நெறிக்குள்ளும் கிளைகள் உண்டு. இந்திய உணவுச் சட்டப்படி பாலும் தேனும் பச்சைப் புள்ளிக்குள் அடங்கும், முட்டை அடங்காது. மேலை நாடுகளில் முட்டை உண்ணும் சைவர் ஏராளம். சமணரில் பலர் வெங்காயம், பூண்டு, கிழங்குகளையும் தவிர்ப்பர். பாலையும் முட்டையையும் விலக்கியவர்களுக்காக 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முன்னின்று அமைத்த சங்கமே வீகன் என்ற பெயரைத் தந்தது. அவர்களுக்குத் தேனும் ஆகாது. ஹலாலில் பன்றி, இரத்தம், தானாகச் செத்தது, மது ஆகியவை விலக்கு. ஆடு, கோழி முறைப்படி அறுக்கப்பட வேண்டும்; மீனுக்கு அறுப்பு தேவையில்லை. நண்டு ஹனஃபி வழியினருக்கு ஆகாது; ஷாஃபி வழியில் அதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் முஸ்லிம்களில் இரு வழியினரும் இருப்பதால், நண்டு மசாலாவைப் பட்டியலில் எழுதுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு மாணவர் இனிப்புக்குப் பன்னகோட்டா எழுதியிருந்தார். கிரீம், சர்க்கரை, வெனிலா எசென்ஸ், ஜெலட்டின். ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. அதனால் சைவர் விலகுவார். அது எந்த விலங்கினுடையது, எப்படி அறுக்கப்பட்டது என்று தெரியாதவரை ஹலால் விருந்தினரும் தொடமாட்டார். எசென்ஸில் ஆல்கஹால் கலந்திருக்கலாம். கிரீம் வீகனுக்கு ஆகாது. ஆக, ஒரு கிண்ணத்தில் மூவரும் பட்டினி.

திருத்தம் நம் ஊர் நோன்பு வீடுகளிலேயே இருக்கிறது: கடல்பாசி. ஒரு லிட்டருக்குச் சுமார் 8 கிராம் கடல்பாசித் தூளைப் பாதித் தண்ணீரில் போட்டு, துகள் மறையும்வரை கொதிக்கவிட வேண்டும். ஜெலட்டினைப் போல வெந்நீரில் கரைத்தால் மட்டும் போதாது. கொதிக்காவிட்டால் மணல்போல நறநறக்கும். சர்க்கரை சேர்த்து அடுப்பை அணைத்தபின், மீதி அளவுக்குச் சூடாக்கிய தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் கலக்கலாம். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். பாத்திரம் ஆறும்போதே, குளிர்பெட்டி இல்லாமலே உறையும். ஜெலட்டின்போல வாயில் கரையாது, கத்தியால் வெட்டலாம். இந்த ஒரு கிண்ணத்தை மூவரும் உண்ணலாம்.

பொருள் சரியாக இருந்தாலும் அடுப்படியில் தவறு நேரும். கோழி பொரித்த எண்ணெயில் காலிஃபிளவர் பொரித்தால் அது சைவமாகாது. ஆகவே வாணலி, கரண்டி, பரிமாறும் வரிசை மூன்றையும் விடைத்தாளில் தனித்தனியே எழுத வேண்டும். கோழிக்கு ஹலால் சான்று தரும் கடையையும் குறிக்க வேண்டும்.

மூவருக்கும் பொதுவான உணவை முதலில் எழுதுங்கள். தனித்தனி உணவை அதன்பின் சேருங்கள். முழு மதிப்பெண் அந்த வரிசைக்குத்தான்.