இணைப்புச் சொற்களும் கட்டுரையின் தருக்கமும்

பரீட்சை விடைத்தாள்களிலும் மாணவர் ஆய்வுக் கட்டுரைகளிலும் ‘எனவே’, ‘எனினும்’, ‘மேலும்’ ஆகிய சொற்கள் மிகுதியாக வழங்குகின்றன. பந்திக்குப் பந்தி இவை இடம்பெறுவதால், கருத்துக்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றுச் செல்வன போன்ற தோற்றம் உண்டாகின்றது. ஆயின் தொடர்பு உண்டென அறிவிப்பது வேறு; தொடர்பு இருப்பது வேறு. இல்லாத தொடர்பை இருப்பதாக அறிவிக்கும் இணைப்புச் சொல், நடைக்குற்றம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. நிறுவப்படாத முடிபொன்றை நிறுவப்பட்டதாகக் காட்டும் தருக்கக் குற்றமும் ஆகின்றது.

இடைச்சொல் தனித்து நடக்கும் இயல்பற்றது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடைபெறுவது என்பது தொல்காப்பியர் கொள்கை. அவர் ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லுக்கே எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை வகுத்துள்ளார். ஒட்டி நிற்கும் சிறு சொல்லாயினும் அதன் பொருளை நுணுகி வரையறுத்தல் வேண்டும் என்னும் நோக்கு இதனாற் புலனாகும். இன்றைய இணைப்புச் சொற்கள் பலவும் இத்தகைய உறுப்புக்களால் ஆனவை. அவற்றைப் பிரித்து நோக்கின் அவை ஏற்கும் பொறுப்பு விளங்கும்.

‘எனவே’ என்பது ‘என’ என்னும் எச்சத்தோடு ஏகாரம் சேர்ந்தது; ‘என்று கூறவே’ என விரியும். உரையாசிரியர்கள் இச்சொல்லை இவ்விரிந்த பொருளிலேயே ஆண்டனர். நூலாசிரியர் இன்னது கூறினார் எனக் காட்டி, எனவே இன்னது ‘பெற்றாம்’ என முடிப்பது அவர்தம் வழக்கு. முன்னர்க் கூறியதிலிருந்து பின்னர்க் கூறுவது பெறப்பட வேண்டும் என்பதே அதன் நியதி. ‘எனினும்’ என்பது ‘என்று கூறினும்’ என விரியும். முற்கூற்றை மெய்யென ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து இயல்பாக எதிர்பார்க்கப்படுவதை மட்டும் மறுப்பது அது. ‘ஆனால்’ பிறப்பில் நிபந்தனைப் பொருளது. ‘உண்மையானால்’ என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் உண்டு. இணைப்புச் சொல்லாக வருமிடத்து அது இரண்டு செய்திகளின் வேறுபாட்டை எதிரெதிர் நிறுத்துகின்றது. ‘எனினும்’ வருமிடமெல்லாம் பெரும்பாலும் ‘ஆனால்’ வரக்கூடும். ‘ஆனால்’ வருமிடமெல்லாம் ‘எனினும்’ வருதல் இயலாது. அண்ணன் மருத்துவம் கற்றான், ஆனால் தம்பி வணிகம் கற்றான் என்பது பொருந்தும். அங்கே ‘எனினும்’ என்று எழுதின், அண்ணன் மருத்துவம் கற்றதனால் தம்பியும் அதனையே கற்றிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உள்நுழைந்துவிடும்.

மாணவர் எழுத்தில் வழக்கமாகக் காணப்படும் பாங்கில் அமைந்த பந்தியொன்றை எடுத்து நோக்கலாம்:

‘சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியிற் பிறந்தார். மேலும் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராவார். எனவே அவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை வெளியிட்டார். எனினும் அதே ஆண்டிற் சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஆகவே இவ்விருவருமே தமிழ்ப் பதிப்புத்துறையின் தொடக்க கர்த்தாக்கள் ஆவர்.’

இதிலுள்ள தனிச் செய்திகளிற் பிழையில்லை. பிழை யாவும் அவற்றை இணைக்கும் சொற்களிலேயே உள்ளது. முதலில் வரும் ‘மேலும்’ எதனோடு எதனைக் கூட்டுகின்றது? ஒரே முடிபுக்குத் துணைசெய்யும் இரண்டு சான்றுகளை அடுக்கும்போது அச்சொல் பொருந்தும். அவ்வாறான சான்றுகள் இடம் மாறினும் பொருள் கெடுவதில்லை. பிறந்த ஊரும் பெற்ற பட்டமும் எந்த முடிபுக்கும் சான்றுகளாக இங்கு நிறுத்தப்படவில்லை. இவை வரலாற்றுச் செய்திகள். ‘சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய’ என எச்சங்களால் தொடுத்தலே போதுமானது.

அடுத்து வரும் ‘எனவே’ பெரிய தவறு. பட்டம் பெற்றமையிலிருந்து பதிப்புப்பணி பெறப்பட வேண்டுமாயின், பட்டம் பெற்றோர் பழைய நூல்களைப் பதிப்பிப்பர் என்னும் பொதுவிதி இடையில் மறைந்து நிற்றல் வேண்டும். அவ்விதியை வெளிப்படையாக எழுதிப் பார்த்தால் எழுதியவரே அதனை ஏற்கமாட்டார். ‘எனவே’ வருமிடந்தோறும் மறைந்துள்ள விதியை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்ப்பது அச்சொல்லைச் சோதிக்கும் நேரிய வழியாகும். ‘எனினும்’ என்பதற்கோ வேறு வினா உண்டு: எந்த எதிர்பார்ப்பு மறுக்கப்படுகின்றது? ஒருவர் ஒரு நூலை வெளியிட்டால் மற்றவர் அவ்வாண்டில் வேறொரு நூலை வெளியிடார் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகையால் அவ்விடத்து மறுப்புக்கு இடமேயில்லை.

இறுதியில் வரும் ‘ஆகவே’ பந்தியின் முழுச்சுமையையும் தாங்குகின்றது. அதுவே முறிந்தும் போகின்றது. 1887ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தமை, அதற்கு முன் எவையும் வெளிவரவில்லை என்பதற்குச் சான்றாகாது. திருக்குறள் 1812ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. ஆறுமுக நாவலர் 1861ஆம் ஆண்டில் அதனைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். இவற்றை அறிந்த மாணவரும் ‘ஆகவே’ என்னும் சொல்லின் ஓட்டத்திலே மறந்துவிடுதல் கூடும். சொல் முடிபைத் தந்துவிட்டமையால், அம்முடிபு சரியா என்னும் வினா எழாமற் போகின்றது.

அதே பொருளைப் பின்வருமாறு எழுதலாம்:

‘சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை அரசாங்க சேவையிலும் நீதித்துறையிலும் பணியாற்றினார். எனினும் பழைய நூல்களைத் தேடிப் பதிப்பிப்பதைக் கைவிட்டாரல்லர். 1887ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கலித்தொகையே எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறிய நூல். ஆகவே எட்டுத்தொகையின் பதிப்பு வரலாற்றை அவரிலிருந்து தொடங்குதல் தகும். ஆனால் தமிழ்ப் பதிப்புத்துறை முழுவதற்கும் அவரைத் தொடக்கமாகக் கொள்வதற்கில்லை. ஏனெனில் திருக்குறள் 1812ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது.’

இங்கு ‘எனினும்’ உத்தியோகச் சுமையால் எழக்கூடிய எதிர்பார்ப்பை மறுக்கின்றது. ‘ஆகவே’ தன் முன்னுள்ள சான்று தாங்கும் அளவுக்கே முடிபை நிறுத்துகின்றது. ‘ஆனால்’ அம்முடிபின் எல்லையை வரைகின்றது. சாமிநாதையர் பற்றிய செய்தி விடுபட்டது தற்செயலன்று. எட்டுத்தொகை பற்றிய இவ்வாதத்தில் அச்செய்தியை இணைப்பதற்குரிய சொல் எதுவும் கிடைக்கவில்லை; கிடைக்காமையே அது வேறொரு பந்திக்குரியது என்பதைக் காட்டிற்று. இணைப்புச் சொல்லைச் சரியாகத் தேட முயல்வோர்க்கு இப்பயனும் உண்டு.

இதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இணைப்புச் சொல் வேண்டும் என்பது பெறப்படாது. நிகழ்ச்சிகள் காலவொழுங்கிற் செல்லுமிடத்து வினையெச்சங்களே போதும். முற்கூற்றை விளக்குமிடத்து வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்பதே போதும்; விளக்கத்தை ‘மேலும்’ என்று தொடங்கினால், ஒரு கருத்து இரண்டாக எண்ணப்பட்டுவிடும். பழந்தமிழ் உரைநடையில் நீண்ட வாக்கியத்தினுள்ளே எச்சங்களும் வேற்றுமையுருபுகளும் ஆற்றிய பணியிற் பெரும்பகுதியை, வாக்கியங்கள் குறுகிய இக்கால நடையில் வாக்கியத்தின் முதலில் நிற்கும் தனிச்சொற்கள் ஏற்றுள்ளன. எச்சம் வாக்கியத்தினுள் கட்டுண்டது; அதனை இடம்பிறழ வைத்தால் வாக்கியமே குலைந்து பிழையைக் காட்டிவிடும். தனிச்சொல்லோ எந்த வாக்கியத்தின் தலையிலும் ஏறி அமரும். பிழையாக அமர்ந்தாலும் வாக்கியம் குலைவதில்லை. இலக்கணம் காட்டிக்கொடாத அப்பிழையைக் கண்டுகொள்ள, எழுதுவோரின் சிந்தனையன்றி வேறு துணையில்லை.