உச்சத்தில் எந்தச் சொல்?

அயர்லாந்தின் வடக்கே லிமாவடி என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜேன் ராஸ் என்ற பெண்மணி, நாட்டுப்புற மெட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தவர். அவர் அனுப்பிய ஒரு மெட்டை ஜார்ஜ் பெட்ரி 1855இல் தம் அயர்லாந்து இசைத் தொகுப்பில் அச்சிட்டார். அதற்குப் பாட்டும் இல்லை, பெயரும் இல்லை. பிற்காலத்தில் அது 'லண்டன்டெரி ஏர்' என்று அழைக்கப்பட்டது. 1913இல் ஃப்ரெடெரிக் வெதர்லி அதற்கு வரிகள் பொருத்தினார். 'டானி பாய்' என்று உலகம் பாடுவது அந்தப் பாட்டைத்தான்.

மெட்டை மலைபோல் ஏற்றி, அதன் உச்ச சுரத்தில் பாட்டின் உயிர்ச்சொல்லை நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாட்டு கிடைப்பது அரிது. நம் காதுக்கு இது சங்கராபரணத்தின் சுரங்களில் நடக்கும் மெட்டு. எட்டு வரிகள் கொண்டது. எந்தச் சுரத்தை ஸட்ஜமாக வைத்தாலும், கீழ் தைவதத்திலிருந்து மேல் காந்தாரம் வரை சுமார் ஒன்றரை ஸ்தாயி நடக்கிறது.

இந்த ஒன்றரை ஸ்தாயியையும் மெட்டு ஒரேயடியாகக் காட்டிவிடுவதில்லை. முதல் நான்கு வரிகளில் அது நடுவிலேயே உலவுகிறது. கீழ் நிஷாதத்தில் தொடங்கி ஸ, ரி, க என்று ஏறித் தைவதத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. பாதிப் பாட்டு முடியும்வரை தைவதத்துக்கு மேலே ஒரு சுரம்கூட இல்லை. ஐந்தாவது வரியில்தான் பாதை மாறுகிறது. ப, த, நி என்று மூன்று சிறு சுரங்கள் ஏறி, நான்காவதாக மேல் ஸட்ஜத்தில் குரல் நீண்டு நிற்கிறது. அங்கிருந்து படிப்படியாக மத்திய ஸ்தாயிக்கு இறங்குகிறது. ஆறாவது வரியும் அதே ப, த, நி, மேல் ஸ.

இரண்டு முறை கேட்டதும் காது பழகிவிடுகிறது. ஏழாவது வரியில் மூன்று சிறு சுரங்கள் தொடங்கும்போதே அடுத்தது மேல் ஸட்ஜம்தான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் இம்முறை மெட்டு ஏறவில்லை. ப, ப, ப என்று பஞ்சமத்திலேயே மூன்று முறை தட்டி நிற்கிறது. நான்காவது சுரத்தில் த, நி, ஸ, ரி நான்கையும் தாண்டி ஒரே தாவலில் மேல் காந்தாரத்துக்குப் போய்விடுகிறது. பல்லவி, சரணம் என்று பிரியாத இந்த எட்டு வரிகளில் மேல் காந்தாரம் வருவது இந்த ஒரே ஒரு இடத்தில்தான். அதன் பிறகு ரி, ரி, ஸ, த, ஸ, ப, க, ஸ என்று ஒரே வரிக்குள் முழு ஸ்தாயிக்கும் மேலாக இறங்கி, எட்டாவது வரியில் தொடக்கத்து அடக்கத்துக்கே மெட்டு திரும்பிவிடுகிறது.

முதல் பாதியின் எல்லை தைவதம், அடுத்த இரண்டு வரிகளின் எல்லை மேல் ஸட்ஜம், ஏழாவது வரியின் எல்லை மேல் காந்தாரம். உச்சம் பாட்டின் நடுவில் இல்லை, முக்கால் பங்கு தாண்டிய இடத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு நீண்ட நேரம், இறங்குவதற்குக் கொஞ்ச நேரம். ஐந்தாவது வரியிலேயே அந்தக் காந்தாரத்தைத் தொட்டிருந்தால், ஏழாவது வரியில் அதைக் கேட்பவருக்கு அது ஏற்கெனவே பார்த்த இடமாகியிருக்கும்.

இனி சொல்லுக்கு வருவோம். வெதர்லி அயர்லாந்துக்காரர் அல்லர். இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் 1848இல் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர், ஏராளமான பாட்டுகள் எழுதியவர். 'டானி பாய்' வரிகளை 1910இல் வேறொரு மெட்டுக்காக எழுதியிருந்தார், அது எடுபடவில்லை. 1912இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து அவருடைய சகோதரரின் மனைவி மார்கரெட் இந்த அயர்லாந்து மெட்டை அனுப்பி வைத்தார். கையிலிருந்த வரிகளைச் சில மாற்றங்களோடு வெதர்லி அதில் உட்கார வைத்தார். மெட்டுக்குப் பாட்டெழுதும் நம் திரைப்படக் கவிஞர்களுக்கு அன்றாடம் பழக்கமான வேலைதான்.

பாட்டின் செய்தி எளியது. ஒருவன் ஊரை விட்டுப் போகிறான், ஒருவர் ஊரிலேயே இருந்து அவனுக்காகக் காத்திருக்கிறார். ஐந்தாவது வரியில் மேல் ஸட்ஜத்தில் நிற்கும் சொல் 'பேக்', அதாவது 'திரும்பி'. ஏழாவது வரியில் மேல் காந்தாரத்தில் நிற்கும் சொல் 'ஹியர்', அதாவது 'இங்கே'. அவன் திரும்பி வருவது ஒரு வேண்டுதல், காத்திருப்பவர் இங்கேயே இருப்பது ஒரு வாக்குறுதி. வேண்டுதலுக்கு ஒரு படி, வாக்குறுதிக்கு அதைவிட இரண்டு சுரம் உயர்ந்த படி. அந்த மூன்று பஞ்சமங்களில் விழும் சொற்கள் எல்லாம் வாக்கியத்தை ஒட்டவைக்கும் சின்னச் சின்னச் சொற்கள். யாரும் அவற்றை நின்று கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம்.

அன்பு என்ற சொல்லும் அந்தப் பாட்டில் உண்டு. சாதாரணமாக எழுதுபவர் அதைத்தான் உச்சியில் வைத்திருப்பார். வெதர்லியின் முதல் கண்ணியில் அது கடைசி வரியில், மெட்டு தணிந்து வீடு திரும்பிய பிறகு வருகிறது. உயர்ந்த சுரத்தில் உரக்கச் சொல்லப்படுவது அன்பு அல்ல, இருக்கும் இடம்.

ஒரே மெட்டில் இரண்டாவது கண்ணியையும் பாட வேண்டும் என்பதுதான் இந்த முறையின் பெரிய சிக்கல். முதல் கண்ணிக்குப் பொருந்திய உச்சம், இரண்டாவது கண்ணியில் ஏதோ ஒரு இடைச்சொல்லில் மோதி வீணாகிவிடலாம். பல பாட்டுகளில் அப்படித்தான் ஆகிறது. இங்கே இரண்டாவது கண்ணியில் காத்திருப்பவர், அவன் வருவதற்குள் தாம் இறந்திருந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்கிறார், கல்லறையிலிருந்து கேட்பதுபோல் பேசுகிறார். மேல் காந்தாரத்தில் வரும் சொல் 'பெண்ட்': அவன் குனிவான் என்கிறது வரி. குரல் உச்சிக்குப் போகும் அதே நொடியில் பொருள் தரையை நோக்கிக் குனிகிறது. சொல்லின் திசையை மெட்டு படம் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். ஆனால் கல்லறைக்குள் இருப்பவர் எதிர்பார்த்திருப்பது அந்த ஒரு செயலைத்தான். பொருளின் திசையைவிடப் பொருளின் கனம் முக்கியம் என்பதற்கு இந்த இடம் சான்று.

இதே ஏழாவது வரிக்குத் தமிழில் சொல் வைத்துப் பார்த்தால் இந்த வேலையின் நுட்பம் இன்னும் நன்றாகப் பிடிபடும். இடம் இதுதான்: மூன்று சிறு அசைகள், பிறகு ஒரு நீண்ட உச்ச அசை, பிறகு இறங்கிவர ஏழு அசைகள். செய்தி: நான் இங்கேயே இருப்பேன்.

முதலில் மனதில் வருவது 'காத்திருப்பேன்'. கா, த்தி, ரு என்று பஞ்சமத்தில் மூன்றும் போக, உச்சத்தில் வந்து விழுவது 'ப்பேன்'. 'பே' நெடில்தான், பாடவும் வசதிதான். ஆனால் அது வெறும் விகுதி. தமிழில் பேசும்போது அழுத்தம் சொல்லின் தலையில் விழுகிறது, வால் லேசாக வந்து முடிகிறது. வினைச்சொல்லோ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எனவே வாக்கியத்தை அதன் இயல்பான வரிசையிலேயே மெட்டில் போட்டால் உச்சம் பெரும்பாலும் ஒரு விகுதியிலோ வேற்றுமை உருபிலோ போய்த்தான் உட்காரும். கேட்பவருக்குப் 'பேன்' மட்டும் தனியாகக் கேட்கும், காத்திருப்பு கேட்காது.

அடுத்த முயற்சி, 'உனக்கு இங்கே'. உ, ன, க்கு பஞ்சமத்தில், 'இங்' உச்சத்தில். பொருள் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் வாய் மூடிக்கொண்டது. 'இ' குறில், உதடும் நாவும் இறுகும் ஒலி, அதோடு 'ங்' வந்து காற்றை மூக்குக்குத் திருப்பிவிடுகிறது. மேல் காந்தாரத்தில் அதை நீட்டினால் குரல் நெரியும், அல்லது பாடகர் தன்னையறியாமல் அதை 'எங்கே' ஆக்கிவிடுவார். பொருளே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, 'உனக்கு வாசல் திறந்தே இருக்கும்'. இப்போது உச்சத்தில் 'வா'. நெடில், வாய் முழுக்கத் திறக்கும் ஒலி, சொல்லின் தலையசை. 'சல்' வந்து சேரும்வரை கேட்பவருக்கு அது 'வா' என்ற அழைப்பாகவே ஒலிக்கும். நீண்ட சுரம் சொல்லைப் பிளக்கும்போது இப்படி இன்னொரு சொல் வெளிப்படுவது ஆபத்தும்கூட. இங்கே அது பாட்டின் பொருளோடு சேர்ந்துகொள்கிறது, அதனால் விட்டுவிடலாம்.

ஆனால் இறக்கத்தில் ஒரு தடங்கல். கடைசிக்கு முந்தைய அசை பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்க வேண்டும். அங்கே 'இருக்கும்' என்பதன் 'ரு' வருகிறது. குறிலை இழுத்து 'இரூக்கும்' என்று பாட வேண்டியிருக்கும். அதை மாற்றி 'உனக்கு வாசல் திறந்தே எந்நாளும்' என்று வைத்தால், வழுக்கும் இடத்தில் 'நா' என்ற நெடில் வந்து அமைகிறது. அசைக் கணக்கு மாறவில்லை. உச்சத்தில் ஒன்றும் வழுக்கும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு நெடில்கள் வரியைத் தாங்கிக்கொள்கின்றன.

இந்தப் பொருத்தத்தைச் சோதிக்க வாத்தியம் தேவையில்லை. வரியை முதலில் மெட்டில்லாமல் ஒருவரிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். குரல் தானாக ஊன்றும் சொல் எதுவென்று பார்க்க வேண்டும். பிறகு சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முணுமுணுத்து, உச்சம் எத்தனையாவது அசையில் வருகிறது என்று எண்ண வேண்டும். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால், சொல் வரிசையை மாற்றலாம், அல்லது மெட்டின் முன்னே ஓர் அசையைக் கூட்டியோ குறைத்தோ உச்சத்தை நகர்த்தலாம். மெட்டு ஏற்கெனவே உறுதியாகிவிட்டால் சொல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பாடுபவரின் பங்கும் இதில் உண்டு. இந்த மெட்டுக்குச் சுருதியைத் தொடக்க வரியை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏழாவது வரியில் மாட்டிக்கொள்வார்கள். முதல் வரி எந்தக் கட்டையிலும் சுகமாகத்தான் இருக்கும். மேல் காந்தாரத்தைத் திணறாமல் பிடிக்க முடிகிற கட்டையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே கணக்கிட்டு வருவதுதான் சரி. தாவுவதற்கு முன்னுள்ள மூன்று பஞ்சமங்களில் மூச்சைச் செலவழித்துவிடாமல், அவற்றைப் பேசுவதுபோல் லேசாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் கண்ணியின் 'இங்கே'யை நிறைந்த குரலில் பாடுபவர்கள் இரண்டாவது கண்ணியின் 'குனிவாய்'க்கு அதே உயரத்தில் குரலைத் தணித்துப் பாடுவதுண்டு. உயர்ந்த சுரத்தை மெல்லப் பாடுவது உரக்கப் பாடுவதைவிடக் கடினம், மூச்சின் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். இந்தப் பாட்டின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பவர்கள் அந்த ஒரு சுரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும், பாடகர் சொல்லைப் பாடுகிறாரா, உயரத்தை மட்டும் பாடுகிறாரா என்பது தெரிந்துவிடும்.