வினிகருக்கு அஞ்சாத புழு

எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்பவரை ‘சபாவை எண்ணுகிறார்’ என்பார்கள் ஜப்பானியர்கள். சபா நம்மூர் கானாங்கெளுத்திக்கு உறவுக்கார மீன். சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் சந்தையில் அதை அவசரமாக எண்ணுவார்களாம், கணக்கும் பிசகுமாம். ‘சபா உயிரோடிருக்கும்போதே அழுகும்’ என்று இன்னொரு வழக்கும் உண்டு. இத்தனை அவப்பெயர் எடுத்த மீனைத்தான் அடுப்பில் ஏற்றாமல், உப்பும் வினிகரும் மட்டும் சேர்த்து ‘ஷிமே சபா’ என்று உண்கிறார்கள்.

செய்முறை எளிது. முள்ளெலும்பை நடுவில் விட்டு, இருபுறச் சதையையும் முழுசாக அறுத்தெடுக்க வேண்டும். சதை தெரியாதபடி உப்பை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரம் குளிரில் வைத்தால் நீரும் கவிச்சியும் வடியும். கழுவித் துடைத்து, அரிசி வினிகரில் 20 முதல் 30 நிமிடம். நடுவிலிருக்கும் சிறு முட்களைப் பிடுங்கிவிட்டு, தலைப்பக்கத்திலிருந்து கண்ணாடித்தாள் போன்ற மேல்தோலை உரித்தால், நீலமும் வெள்ளியுமான வரிகள் அப்படியே மீனில் நிற்கும்.

ரசனை இங்கே தொடங்குகிறது. வெட்டுமுகத்தைப் பாருங்கள்: ஓரம் வெந்தது போல வெளுத்திருக்கும், நடு ரோஜா நிறத்தில் இருக்கும். முழுக்க வெளுத்திருந்தால் வினிகரில் அதிக நேரம் கிடந்துவிட்டது, வாயில் சுண்ணாம்புபோல் உதிரும். நன்றாக அமைந்த துண்டில் முதலில் புளிப்பு, பிறகு கொழுப்பு, கடைசியில் மீனின் இனிப்பு. இஞ்சித் துருவலும் ஒரு சொட்டு சோயாவும் போதும்.

ஆனால் இந்த வினிகரை நம்பித்தான் பலர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அனிசாகிஸ் என்ற புழுவின் குஞ்சு, 2 அல்லது 3 செ.மீ. வெள்ளை நூல், சபாவின் குடலில் சுருண்டு கிடக்கும். அது வளர்ந்து பெருகும் இடம் திமிங்கிலத்தின் வயிறு. மீன் அதற்கு வழியில் ஒரு சத்திரம். மனித வயிற்றுக்குள் அது வாழாது, ஆனால் சாகுமுன் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் பொறுக்க முடியாத வலி வரும். மருத்துவர் குழாய்க் கேமராவை இறக்கி, இடுக்கியால் அதைப் பிடித்து இழுப்பார். உப்பு, வினிகர், சோயா, வசாபி எதற்கும் அது சாவதில்லை.

குளிருக்குச் சாகும். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்பது ஜப்பானிய அரசின் அறிவுரை. அமெரிக்க விதி அதே குளிரில் 7 நாள் கேட்கிறது. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18ஐ ஒட்டியே நிற்கும், கதவைத் திறந்தால் அதுவும் ஏறும். ஆகவே உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். முள் மைனஸ் 20க்குக் கீழே இறங்கினால், வினிகரிலிருந்து எடுத்த மீனைத் துடைத்து, இறுகச் சுற்றி 7 நாள் வையுங்கள். இறங்கவில்லையென்றால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம், ஏற்கெனவே உறைய வைத்து விற்கும் மீனை வாங்குங்கள். கொழுத்த சபாவின் சுவை இதில் பெரிதாகக் குறைவதில்லை.

குளிரால் ஆகாததும் உண்டு. பிடித்த பிறகு வெயிலில் கிடந்த சபாவில் ஹிஸ்டமின் சேரும்; முகம் சிவந்து தலை வலிக்கும். அதை ஃப்ரீசரும் போக்காது, அடுப்பும் போக்காது. பாக்டீரியாவும் குளிரில் தூங்குமே தவிர எல்லாம் சாவதில்லை. நன்னீர் மீன் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். சிங்கப்பூரில் 2015இல் பச்சை நன்னீர் மீனால் கடுமையான தொற்று பரவியபின், உணவகங்களில் அதைப் பச்சையாகப் பரிமாறவே தடை வந்தது. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் பச்சை மீனே வேண்டாம்.

ஹிஸ்டமினைக் கண்ணால் காண முடியாது என்பதால் பாதிச் சமையல் மீன்காரரிடமே முடிந்துவிடுகிறது. ஜப்பானியக் கடைகளில் பொட்டலத்தின் மேலேயே ‘பச்சையாக உண்ண’, ‘சமைத்து உண்ண’ என்று எழுதியிருக்கும். இரண்டாவது வகை எவ்வளவு பளபளத்தாலும் அடுப்புக்குத்தான். மற்ற ஊர்களில் ‘சுஷி தரம்’ என்ற சீட்டை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படி பொருளே இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தால் புதுமை தெரியும், புழு தெரியாது. சொல்லப்போனால், இப்போதுதான் பிடித்த மீனிலும் புழு இருக்கும். மீன் செத்தபின் அது குடலிலிருந்து சதைக்கு நகரும். அதனால் கேட்க வேண்டியவை வேறு: எப்போது கரைக்கு வந்தது, குடலை எப்போது எடுத்தார்கள், எத்தனை டிகிரியில் எத்தனை நாள் உறைய வைத்தார்கள், பச்சை மீனுக்குத் தனிப் பலகையும் கத்தியும் உண்டா?

“எல்லாமே ஃப்ரெஷ்தான் சார்” என்று மட்டும் சொல்பவரிடம் குழம்புக்கு வாங்கலாம். “இன்று வந்தது பச்சைக்கு வேண்டாம், வறுத்துச் சாப்பிடுங்கள்” என்று ஒரு நாளாவது சொல்லி வியாபாரத்தை விட்டவரிடம் ஷிமே சபாவுக்கு வாங்குங்கள்.