ஹதியா என்னும் ஒரு சொல்

என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஓர் ஊரின் மக்தப் மதரஸாவில் ஆசிரியராக அமர்ந்தார். தமக்கு வந்த நியமனக் கடிதத்தை என்னிடம் காட்டினார். பிஸ்மியும் ஹம்தும் ஸலாமும் முறையே அமைந்த ஒரு பக்கக் கடிதம். தமிழும் பிழையற்ற தமிழ். நூல்களை ஆயும் பக்கத்தில் கடிதத்தை ஆய்வானேன் என வாசக அன்பர்கள் வியக்கலாம். இதுவும் ஓர் உரைநடைதானே!

என் கண்ணை உறுத்திய தொடர் இது: "மாதந்தோறும் ரூ.10,000 ஹதியாவாக வழங்கப்படும்." மரியாதை கருதியே அச்சொல்லை இட்டிருப்பார்கள். ஆனால் ஹதியா அன்பளிப்பு. அன்பளிப்பு கைக்கு வந்து சேரும்வரை அதைப் பெறுபவருக்கு உரிமை பிறப்பதில்லை என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். உஜ்ரத்து, அதாவது ஊதியம், அப்படியன்று. வேலை நிறைவேறிய பின் அது கொடுப்பவர் மீது கடன். மூன்று மாதம் பாக்கி விழுந்தால், ஊதியம் பெறுபவர் கேட்கலாம். ஹதியா பெறுபவர் காத்திருக்க வேண்டும். குர்ஆன் கற்பிக்க ஊதியம் பெறுவதை முற்கால ஹனஃபி அறிஞர்கள் தடுத்தனர் என்பது மெய்யே. பைத்துல்மால் உதவி அற்றுப்போனபின், கல்வி அழிந்துவிடும் என்றஞ்சிப் பிற்காலத்தார் அதை அனுமதித்தனர். எனவே அச்சொல்லைக் கூச வேண்டியதில்லை.

அடுத்து, "நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படும் வரை நியமனம் தற்காலிகமானது" என்கிறது கடிதம். இதற்கு எல்லை எங்கே? மத்யன் நகரில் மூஸா நபி (அலை) அவர்கள் ஒப்புக்கொண்ட பணிக்கு 8 ஆண்டுகள் என்று தவணை இருந்தது. 10 ஆக நிறைவு செய்வது அவர்கள் விருப்பம் என்பதும் அப்போதே பேசப்பட்டது. இங்கே மூன்று மாதம் என்று எழுதி, முடிவில் வெளியூர் ஆலிம் ஒருவர் நான்கு பிள்ளைகளை ஓதச் சொல்லி மக்ரஜைக் கேட்டு முடிவு சொல்வார் எனச் சேர்த்திருந்தால் போதுமே.

கடமைப் பகுதியில் ஓதிக்கொடுத்தலும் இமாமத்தும் உள்ளன. கூடவே "நிர்வாகம் இடும் ஏனைய பணிகள்" என்று வாலொன்றும் உண்டு. நேரம் மட்டும் இல்லை. நேரத்தை ஒப்படைத்துப் பணி செய்பவரை ஃபிக்ஹு 'அஜீர் காஸ்' என்னும். குறித்த நேரத்தில் அவர் வந்திருந்தால், பிள்ளைகள் வராவிடினும் ஊதியம் அவருக்குரியது. நேரமே குறிக்காத போது இதை எதைக்கொண்டு அளப்பது? ஒழுக்கம் பற்றிய நான்கு வரிகளில் குறையில்லை. பிள்ளைகளை அடிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லாதது தவிர.

மாணவர் கடிதத்துடன் முத்தவல்லியிடம் சென்றார். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்தார். ஹதியாவை அடித்துவிட்டுச் சம்பளம் என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஏனைய பணிகள் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றாராம்.