புகையிரதப் பெட்டியில் ஒரு பொய்

கொழும்பு–யாழ்ப்பாணப் புகையிரதத்தைக் களமாகக் கொண்ட சிறுகதையொன்றை அண்மையில் வாசித்தோம். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவன் எனக் கூறி ஒருவன் சகபயணிகளிடம் பணம் பெறுகிறான். அவ்வாண்டில் மனைவி மக்களைச் சாவகச்சேரியிற் புகையிரதமேற்றி வவுனியாவுக்கு அனுப்பியதாக அவன் சொன்னதும், ஓய்வுபெற்ற இலிகிதர் நிமிர்ந்து பார்க்கிறார். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன சேவை 2014இலேயே மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. 1995இல் மக்கள் நாவற்குழிப் பாலத்தை நடந்தே கடந்தனர். வன்னிக்குச் செல்லக் கிளாலியிற் படகேறினர்.

இம்முரண்பாட்டை ஆசிரியர் நேர்மையாகவே கையாள்கிறார். பல ஆண்டுகள் வவுனியா வரைக்குமே ஆணைச்சீட்டு எழுதியதாக இலிகிதர் தொடக்கத்தில் முணுமுணுப்பது அலுப்பூட்டும் பழங்கதையாகவே நமக்குப் படுகிறது. அதுவே பின்னர் சான்றாகிறது. தண்டவாளமற்ற காலத்தை அறியாத இளைஞர்களோ பொய்யனையே நம்புகின்றனர். நடந்தவர்களின் துயரம் அவர்கள் கண்முன்னேயே களவாடப்படுகிறது. கதையின் வலிமை இங்கேயே உள்ளது.

ஆயின், குட்டு வெளிப்பட்ட பின்னர் இலிகிதரை நீண்ட அறிவுரை கூறவைத்தது தவறென்றே கருதுகிறோம். பிறர் துயரை இரவல் வாங்கிப் பிழைக்கும் நிலைக்கு அம்மனிதனைத் தள்ளியது எது என்ற வினாவை அவ்வுரை மூடிவிடுகிறது. பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்கும் அவனது கைகளை ஆசிரியர் ஒருமுறையேனும் நோக்கவில்லை.